‘கடும் நடவடிக்கை’ என்ற சொல்லை விடுதி விதிகளிலிருந்து நீக்கிய அனுபவம்

நான் பணியாற்றும் கல்லூரியின் ஆண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே, மாணவர்களிடம் சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கும் நடத்தை விதிகளை முழுமையாகப் படித்தேன். மொத்தம் 38 விதிகள் இருந்தன. அவற்றுள் 29 விதிகள் ‘மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றே முடிந்தன. அந்த நடவடிக்கை என்ன, அதை எடுப்பவர் யார், மாணவர் தம் தரப்பை எங்கே சொல்லலாம் என்பவை எந்தப் பக்கத்திலும் இல்லை. பிறகு மூன்றாண்டு விசாரணைக் கோப்புகளைப் புரட்டியபோது, இரவு அனுமதியின்றி வெளியே தங்கிய இரு மாணவர்களுள் ஒருவருக்கு 500 ரூபாய் அபராதமும், அதே மாதத்தில் அதே தவற்றைச் செய்த மற்றவருக்கு மூன்று நாளில் அறையைக் காலி செய்யும் உத்தரவும் தரப்பட்டிருந்ததைக் கண்டேன். அன்றன்று பொறுப்பில் இருந்த காப்பாளர் வேறு என்பதைத் தவிர இரண்டு கோப்புகளுக்கும் இடையே எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. விதிகளைத் திருத்தி எழுத முதல்வரிடம் ஒரு பருவம் அவகாசம் கேட்டேன்; அவரும் ஒப்புக்கொண்டார்.

தளத்துக்கு ஒருவராக நான்கு மாணவர் பிரதிநிதிகளையும், விடுதி நிர்வாகத்தில் இல்லாத இரண்டு பேராசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு விதியையும் எடுத்துப் பேசினோம். ஒரு விதி எதற்காக இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். இரவில் குறிப்பிட்ட நேரம் கைப்பேசியைக் காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி அப்படித்தான் போயிற்று. கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை கைப்பேசிக்கு இருந்த தடையை ஏற்க மறுத்ததால் வெளியேற்றப்பட்ட மாணவிக்கு ஆதரவாகக் கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்ததை ஒரு பேராசிரியர் நினைவூட்டினார். அத்தீர்ப்பு வேறு மாநிலத்து உயர்நீதிமன்றத்தினுடையதுதான் என்றாலும், படிப்புக்கே கருவியாகிவிட்ட ஒன்றை ஒழுங்கின் பெயரால் பறிக்க முடியாது என்ற அதன் வாதத்துக்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது அபராதத்தைப் பற்றிய விவாதம். ‘பணம் என்றால்தான் பயப்படுவார்கள்’ என்று மூத்த காப்பாளர் உறுதியாக நம்பினார். அபராதப் பதிவேட்டையே எடுத்து வைத்துப் பேசினோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலர், அபராதத்தைத் தாமதமாக வருவதற்கான கட்டணம் போலவே மாதந்தோறும் செலுத்தியிருந்தார்கள். தினக்கூலிக்குப் போகும் தந்தையின் மகனுக்கோ அதே 500 ரூபாய் தந்தையின் ஒரு நாள் உழைப்பாக இருந்தது. தவறு செய்தவரைத் தொடாமல் அவர் வீட்டைத் தொடும் தண்டனை என்பதால், பொருள்களைச் சேதப்படுத்தியதற்கான இழப்பீட்டைத் தவிர மற்ற எல்லா அபராதங்களையும் நீக்கினோம். உடைந்த குழாய்க்கு ஒரு தளம் முழுவதும் பங்கிட்டுப் பணம் வாங்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். உணவை நிறுத்துவது எந்தக் குற்றத்துக்கும் தண்டனையாகாது என்றும், பிறருக்கு ஆபத்து இருந்தாலொழியத் தேர்வு நாட்களில் யாரையும் விடுதியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் தனியாக எழுதி வைத்தோம்.

அபராதத்தின் இடத்தில் படிநிலைகள் வந்தன. இரவு 9 மணிக்கு வருகைப் பதிவு, 9.15-க்குப் பின் வருபவர் தாமதமாக வந்தவர். ஒரு பருவத்தில் முதல் இரண்டு தாமதங்கள் பதிவேட்டில் மட்டும் குறிக்கப்படும். மூன்றாவதற்குப் பெற்றோருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்படும். நான்காவதற்கு எழுத்துப்பூர்வ விளக்கம் பெறப்பட்டு, இரண்டு வாரம் மாலை நேர அவுட்பாஸ் நிறுத்தப்படும். அதற்கு மேற்பட்ட எந்த நடவடிக்கைக்கும் மூவர் குழு விசாரிக்க வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, மறுமொழிக்கு மூன்று நாள் தர வேண்டும். முடிவைக் காரணத்துடன் எழுத வேண்டும். மாணவர் ஏழு நாளுக்குள் முதல்வரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பகடிவதையை மட்டும் இந்தப் படிகளுக்குள் கொண்டுவரவில்லை. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து 1997-இல் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டம் இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளோ, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் புகார் தர வேண்டும் என்கின்றன. எனவே ‘முதல் முறை’ என்ற சலுகையோ, இரு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்க வைத்துக் கோப்பை மூடும் அதிகாரமோ காப்பாளருக்கு இல்லை என்று எழுதினோம். பழைய கோப்புகளில் அப்படி மூடப்பட்டவை இரண்டு இருந்தன என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த இரண்டாம் மாதத்தில் முதல் விசாரணை வந்தது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் இரவு முழுவதும் விடுதியில் இல்லாதபோது, அவர் அறைத்தோழர் வருகைப் பதிவேட்டில் அவருக்காகக் கையெழுத்திட்டிருந்தார். பொய்க் கையெழுத்தைத் தாமதத்தைவிட ஒரு படி மேலான குற்றமாகவே நாங்கள் வைத்திருந்தோம். நள்ளிரவில் தீ விபத்து நேர்ந்தால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியது அந்த ஒரு பதிவேடுதான். வெளியே இருக்கும் ஒருவரைத் தேடி இன்னொருவர் புகைக்குள் போக வேண்டியிருக்கும். இந்தக் காரணத்தை விதியின் கீழேயே அச்சிட்டிருந்தோம்.

விசாரணையில் அந்த மாணவர் எதையும் மறைக்கவில்லை. முகூர்த்த நாட்களுக்கு முந்தைய இரவுகளில் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போவதாகவும், பருவக் கட்டணத்தில் ஒரு பகுதியை அதில்தான் சேர்ப்பதாகவும், கேட்டால் அனுமதி கிடைக்காது என்பதால் கேட்கவில்லை என்றும் சொன்னார். அவர் தாயாரிடம் பேசியபோது அது உண்மை என்று தெரிந்தது. குழுவில் இருந்த மாணவர் பிரதிநிதி அவரை மன்னித்துவிடலாம் என்றார். எனக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் அடுத்து வருபவரின் காரணம் இவ்வளவு உருக்கமாக இல்லாவிட்டால் அவரை மட்டும் தண்டிக்க எங்களுக்கு என்ன நியாயம் இருக்கும் என்று மற்றொரு உறுப்பினர் கேட்டார். பழைய கோப்புகளில் நான் கண்ட கோளாறு அதுவேதான் என்பதை உணர்ந்தேன். விதியில் உள்ளபடி இருவருக்கும் ஒரு மாதம் அவுட்பாஸ் நிறுத்தப்பட்டது. பெற்றோருக்குக் கடிதம் போயிற்று. இருவரும் மேல்முறையீடு செய்யவில்லை.

அதே வாரத்தில் விதியிலும் ஒரு பிரிவைச் சேர்த்தோம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், மண்டபத்தின் முகவரி, அழைத்துச் செல்பவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை முந்தைய நாளே கொடுத்தால், மாதத்துக்கு நான்கு இரவுகள் வேலைக்குச் செல்ல அனுமதி உண்டு. மறுநாள் முதல் வகுப்புக்கு வரத் தவறினால் அந்த அனுமதி அந்தப் பருவம் முழுவதும் ரத்தாகும். பருவ முடிவுக்குள் ஆறு பேர் இப்பிரிவின்கீழ் விண்ணப்பித்தார்கள். தண்டனைக் காலம் முடிந்த மறுநாள் முதல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தவர் அந்த இரண்டாமாண்டு மாணவர். இம்முறை பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே மண்டபத்தின் பெயரும், திரும்பும் நேரமாக அதிகாலை 5.30 மணியும் எழுதப்பட்டிருந்தன.