ரோஸ்மில்க் நிறத்தில் பழுத்த தக்காளிகள்

அடுக்களைச் சுவரில் பழைய நாட்காட்டி தொங்கிய ஆணி ஆறு மாதமாகச் சும்மா இருக்கிறது என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று முறை நினைவூட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆணியின் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக, ஞாயிற்றுக்கிழமை காலையில் சன்னலோரம் ஒரு தட்டில் ஐந்து தக்காளிகளை அடுக்கி வைத்து, அக்ரிலிக் வண்ணத்தில் அவற்றை வரைய உட்கார்ந்தேன். நிழல் பக்கம் நன்றாகவே வந்தது. வெயில் விழும் பக்கத்துக்கு வெளிர் சிவப்பு தேவைப்பட்டதால், உலகத்தில் எல்லோரும் செய்வதைப் போலச் சிவப்பில் வெள்ளையைக் கலந்தேன். பத்து மணிக்கு எட்டிப் பார்த்த அம்மா, "ரோஸ்மில்க்கில் ஊற வைத்த தக்காளியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சிவப்பு மட்டமானது என்று முடிவு கட்டி, கடைக்குப் போய் "நல்ல ஆழமான சிவப்பாக" ஒன்று கேட்டேன். கடைக்காரர் கிரிம்சன் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குப்பிக்குள் அது மாதுளை முத்தைப் போல இருந்தது. வெள்ளையோடு சேர்ந்ததும், பழைய சிவப்பே தேவலை என்னும்படி, கல்யாண மண்டப வாசலில் கட்டும் துணியின் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. குற்றம் கடைக்காரருடையதும் அன்று, குப்பியுடையதும் அன்று என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

சிவப்பு நிறமி தன்மேல் விழும் ஒளியில் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நாம் வாங்கும் வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. அதன் துகள்கள் எல்லா நிற ஒளியையும் பாகுபாடின்றிச் சிதறடிப்பவை. இரண்டையும் கலந்தால், சிவப்பு விழுங்குவதற்கு முன்பே நீல ஒளியும் பச்சை ஒளியும் வெள்ளைத் துகளில் மோதித் திரும்பி வந்துவிடுகின்றன. அதிலும் கிரிம்சன் போன்ற சிவப்புகள் பச்சையை விழுங்கும் அளவுக்கு நீலத்தை விழுங்குவதில்லை. குப்பியில் அடர்த்தியாக இருக்கும்போது அந்தக் குறை தெரியாது. வெள்ளையில் கரைந்து மெலிந்ததும் நீலம் வெளிப்பட்டுவிடுகிறது. நாம் ரோஸ் என்று சொல்வது வெளுத்த சிவப்போடு சேர்ந்த இந்த நீலச் சாயலைத்தான். ஒரு கடுகளவு சிவப்பை ஒரு பட்டாணியளவு வெள்ளையில் குழைத்துப் பார்த்தால், எந்தக் குப்பி ஊதாப் பக்கம் சாய்கிறது, எது ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைக் கடைக்குப் போகும் முன்பே செய்திருக்கலாம்.

ஆகவே திரும்பி வரும் நீலத்தை விழுங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மஞ்சள். நான் வெள்ளையில் நான்கில் ஒரு பங்கு மஞ்சளைச் சேர்த்து முதலில் வெண்ணெய் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஆரஞ்சுப் பக்கம் சாயும் அந்தப் பழைய சிவப்பையே, கத்தி முனையில் எடுத்துச் சிறிது சிறிதாகக் கலந்தேன். சிவப்பில் வெள்ளையைக் கொட்டத் தொடங்கினால் வேண்டிய வெளுப்பு வருவதற்குள் கிண்ணம் நிரம்பிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். மஞ்சள் கூடினால் தக்காளி பப்பாளியாகிவிடும். என் இரண்டாவது தக்காளிக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

இப்படியும் ஓர் அளவுக்கு மேல் வெளுக்க முடியாது. மஞ்சள் வெளிச்சமாக இருக்கும்போதே செழிப்பாக இருக்கும். சிவப்பின் செழிப்போ சற்று இருட்டில்தான் இருக்கிறது. அதனால் மூன்றாவது தக்காளிக்கு வெள்ளையைச் சிவப்போடு கலக்கவே இல்லை. வெயில் படும் இடத்தை வெண்ணெய் நிறத்தில் தீட்டி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை, காய்ந்ததும் கண்ணாடி போலத் தெளியும் அக்ரிலிக் மீடியத்தில் கரைத்து மெல்லிய படலமாகப் பூசினேன். ஒளி அந்தப் படலத்தைக் கடந்து அடியிலுள்ள வெளிர் நிறத்தில் பட்டு, மறுபடியும் படலத்தின் வழியாகவே வெளியே வர வேண்டியிருப்பதால், இரண்டு முறை வடிகட்டப்பட்டுச் சிவப்பாகவே வருகிறது. அடிப்பூச்சு சரியாகக் காயாவிட்டால் தூரிகை அதைக் கிளறி, மீண்டும் ரோஸ்மில்க்கில் கொண்டுபோய் விட்டுவிடும். பழத்தின் உச்சியில் மின்னும் ஒரு பொட்டை மட்டும் தனி வெள்ளையில் வைத்தேன். பின்னணியைக் கரும்பச்சையாக்கியதும் வெளிர் பக்கம் இன்னும் ஒரு படி சிவந்து தெரிந்தது.

இந்தப் பெருமிதத்தோடு நான்காவது தக்காளியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது தட்டில் ஒன்றுகூட இல்லை. அடுக்களையிலிருந்து ரசத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது தக்காளியை நினைவிலிருந்துதான் வரைந்தேன். அம்மா அதை மட்டும் விரலால் காட்டி, "இதுதான் அசல் மாதிரி இருக்கிறது" என்றார்.