தூக்கிய கால்

மூன்றாம் வகுப்பு ரீச்சர் தை மாதம் காலமாகிவிட்டார் என்ற செய்தியை நம் பாடசாலை மலர்க் குழுவினர்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அதே அழைப்பில் அவரைப் பற்றி எழுதித் தரும்படியும் கேட்டார்கள். காலைத் தேவாரத்தையும் பூவரசமரத்தடி வகுப்பையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரேயொரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அது 1966 ஆம் ஆண்டு, மாரி தொடங்கிய கிழமை.

முதல் நாள் இடைவேளையில் கிணற்றடி வேலியில் ஓர் ஓணானைப் பிடித்தோம். தென்னோலை ஈர்க்கில் சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டினோம். மூன்று பேர் கல் எறிந்தார்கள். ரீச்சர் வந்து சேர்ந்தபோது அது செத்துவிட்டிருந்தது. அவர் தடியைத் தேடவில்லை. சுருக்கை அவிழ்த்தார், ஓணானை முருங்கைமரத்தடியில் புதைத்தார். யார் செய்தது என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு, "நான் கல் எறியவில்லை ரீச்சர். ஈர்க்கு மட்டும்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சமய பாட நேரத்தில், "இன்றைக்குச் சமணருடைய கதை ஒன்று சொல்லப்போகிறேன்" என்றார். வகுப்பே திகைத்தது. எங்களுக்குத் தெரிந்த சமணர்கள் அப்பரை நீற்றறையில் இட்டவர்கள், நஞ்சு கலந்த சோறு கொடுத்தவர்கள், யானையை ஏவி மிதிக்கச் செய்தவர்கள். ஒருத்தி எழுந்து அதையே கேட்டாள். "அது நம்முடைய புராணம் அவர்களைப் பற்றிச் சொல்வது. இது அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது. இதிலும் ஒரு யானை வருகிறது" என்றார் ரீச்சர். அறுபது ஆண்டுக்கு முந்திய யாழ்ப்பாணத்தில், சைவச் சூழலில், அந்த இரண்டு வசனங்களைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

கதையைத் தொடங்குமுன் எல்லோரையும் எழுந்து நின்று ஒரு காலைத் தூக்கச் சொன்னார். களைத்தவர்கள் காலை வைத்துவிட்டு உட்காரலாம். பிறகு சொன்னார்:

"ஒரு காட்டில் பெரிய யானை ஒன்று இருந்தது. அது கூட்டத்துக்குத் தலைவன். ஒவ்வொரு கோடையிலும் காடு தீப்பிடிக்கும். அதனால் யானை தன் கூட்டத்தோடு சேர்ந்து ஓரிடத்தில் மரம், செடி, புல் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து பெரிய வெளி ஒன்றை உண்டாக்கியது. எரிவதற்கு ஒன்றும் இல்லாத இடத்துக்குத் தீ வராது அல்லவா?

"ஒரு நாள் தீ வந்தது. யானைகள் வெளிக்கு ஓடின. அவற்றுக்கு முன்பே சிங்கம், புலி, மான், நரி, முயல் எல்லாம் அங்கே வந்துவிட்டன. பயத்தில் ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. யானையும் நடுவில் புகுந்து நின்றது.

"யானைக்கு உடம்பு கடித்தது. சொறிவதற்கு ஒரு காலைத் தூக்கியது. அந்தக் கால் இருந்த இடம் வெறுமையானது. நெருக்கத்தில் தள்ளுண்டு வந்த ஒரு சின்ன முயல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சொறிந்து முடித்த யானை காலைக் கீழே வைக்கப் பார்த்தது. முயல் தெரிந்தது. யானை காலை வைக்கவில்லை.

"ஓர் இரவு போனது. ஒரு பகல் போனது. இன்னும் ஓர் இரவு. இரண்டரை நாள் காடு எரிந்தது. யானை மூன்று காலில் நின்றது. தீ அணைந்ததும் எல்லா விலங்கும் தண்ணீர் தேடிப் போயின. முயலும் போனது. அப்போது யானை காலை ஊன்றப் பார்த்தது. கால் மரத்துப்போயிருந்தது. யானை மலை சரிந்ததுபோல விழுந்தது. அதற்குப் பிறகு அது எழும்பவில்லை."

இரண்டாம் இரவுக்குக் கதை வந்தபோது வகுப்பில் நான் ஒருவன்தான் ஒற்றைக் காலில் நின்றேன். முதல் நாள் பட்ட வெட்கத்தை அப்படித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன். ரீச்சர் கதையை நிறுத்தினார். முன் வாங்கில் இருந்த சிறுமியிடம் நெருப்புப்பெட்டியை வாங்கித் திறந்தார். மழைக்குப் பிறகு நாம் எல்லோரும் பிடித்து வைத்த தம்பளப்பூச்சி ஒன்று அதற்குள் இருந்தது. சிவப்புப் பட்டுத் துணியில் கிள்ளியெடுத்ததுபோன்ற அந்தப் பூச்சியை என் காலுக்கு நேர் கீழே நிலத்தில் விட்டார். குந்தியிருந்தபடியே மீதிக் கதையைச் சொன்னார்.

என் தொடை நடுங்கியது. முடியாமற்போனபோது காலை ஒரு சாண் தள்ளி வைத்தேன். பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

"உனக்குத் தள்ளி வைக்க இடம் இருந்தது, தம்பி. யானைக்கு இடம் இருக்கவில்லை" என்றார் ரீச்சர்.

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஈர்க்கைப் பற்றியும் அவ்விடத்தில் ஒரு சொல் பேசவில்லை. மணி அடித்தபின் என்னை மட்டும் நிறுத்தி, கொல்லாமை நோன்பை எடுக்கும் சமணத் துறவி மூன்றைச் சேர்த்துத்தான் விலக்குகிறார் என்று சொன்னார்: தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்யும்போது உடன்படுவது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவும் விளங்கவில்லை. ஈர்க்கு எந்தக் கணக்கில் சேரும் என்பது மட்டும் விளங்கியது.

நான் 1984 இல் புறப்பட்டு வந்தேன். ஸ்காபரோவில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் பல ஆண்டுகள் கற்பித்தேன். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அதன் மூலத்தைத் தேடிப் படித்தேன். சுவேதாம்பரச் சமணர்களின் ஆகமங்களில் ஆறாவது அங்கமான ஞாதாதர்மகதாவில், முதல் அத்தியாயத்தில் அது வருகிறது. அந்த அத்தியாயத்தின் பெயருக்கே 'தூக்கியது' என்றுதான் பொருள். யானையின் பெயர் மேருப்பிரபன். மூலத்தில் கதை இன்னும் நீளும். இறந்த யானை ராஜகிருகத்தில் சிரேணிக மன்னனின் மகன் மேகக்குமாரனாகப் பிறக்கிறது. இளவரசன் மகாவீரரிடம் துறவு கொள்கிறான். புதிய துறவி என்பதால் வாசலோரத்தில் படுக்கை கிடைக்கிறது. இரவு முழுவதும் போகிற வருகிற துறவிகளின் கால்கள் அவன்மேல் படுகின்றன. ஓர் இரவைக்கூடத் தாங்க முடியாமல், விடிந்ததும் அரண்மனைக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்கிறான். அப்போதுதான் மகாவீரர் அவனுக்கு இந்த யானையின் கதையைச் சொல்கிறார். விலங்காக இருந்தபோது ஒரு முயலுக்காக அவ்வளவு தாங்கியவன், மனிதனாகி இதைத் தாங்கமாட்டாயா என்பது கேள்வி.

எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வருடம் அதையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு சிறுவன் கேட்டான்: "அப்படியென்றால் இளவரசன் ஆவதற்காகத்தான் யானை காலைத் தூக்கி வைத்திருந்ததா?" ரீச்சர் அதை ஏன் விட்டார் என்பது அன்றுதான் தெரிந்தது. பரிசு ஒன்று பின்னால் வருமென்றால், சிறு பிள்ளையின் மனத்தில் முயல் நின்ற இடத்தில் பரிசு வந்து நின்றுவிடுகிறது. மறுபிறவியும் மேகக்குமாரனும் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு உரியவை.

அதற்கு முன் இன்னொரு பிழையும் விட்டேன். பிள்ளைகள் அழக்கூடாது என்று, யானை பிழைத்து நொண்டி நொண்டி நடந்து போனதாக முடித்தேன். அன்று ஒருவரும் அழவில்லை. அடுத்த வாரம் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, தீயையும் சிங்கம் புலியையும் சொன்னார்கள். தூக்கிய காலை ஏழு பேரில் இரண்டு பேர்தான் சொன்னார்கள். யானை இழந்தது ஒன்றுமில்லை என்றால் அந்தக் கால் அவர்கள் மனத்தில் தங்குவதற்குக் காரணமும் இல்லை. அதன் பிறகு ரீச்சர் சொன்னபடியே சொல்கிறேன். கதையில் யானை செய்தது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு செயலைச் செய்யாமல் விட்டது, அவ்வளவுதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லால் விளக்க முடியாது. அதனால்தான் முதலில் காலைத் தூக்கச் சொல்ல வேண்டும். "முயலைத் தும்பிக்கையால் தள்ளியிருக்கலாமே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எங்கே தள்ளுவது என்று திருப்பிக் கேட்டால் போதும். விலங்குகள் நெருக்கியடித்து நின்றதை முன்பே நன்றாகச் சொல்லியிருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். சொல்லத் தவறியிருந்தால் கதை அந்த இடத்தில் உடைந்துவிடும்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு ரீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்து எழுதியிருந்தார். தம் துன்பத்தைப் பற்றி அதிகம் இல்லை. "நாவற்குழிப் பக்கம் அந்த இரவு மழையில், கால் வைக்க இடமில்லாமல் நின்றோம். யாருடையதோ ஒரு குழந்தை என் காலடியில் நித்திரையாகிவிட்டது. விடியும்வரை அசையவில்லை. உங்கள் வகுப்பை நினைத்துக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தது.

பணம் அனுப்பினேன். பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும், தள்ளி வைக்க எனக்கு இடம் இருந்தது என்ற அவருடைய சொல்தான் முன்னால் வந்து நின்றது. ஊரைவிட்டு வந்ததை அவர் ஒருபோதும் குற்றமாகச் சொன்னதில்லை. கோயிலுக்குப் போய் எனக்காக அர்ச்சனை செய்து அனுப்பியவர். ஆனாலும் நான் எழுதியிருக்க வேண்டும். 2012 இல் ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் காணும் நிலையில் அவர் இருக்கவில்லை. அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

அந்தக் கையைப் பற்றி ஒன்றை நீங்களும் அறிய வேண்டும். தம்பளப்பூச்சியை என் காலுக்குக் கீழே விட்டவர் குந்தியபடியே இருந்தார் என்றேன். அவருடைய உள்ளங்கை பூச்சிக்கு மேலே, கூடுபோலக் கவிந்து இருந்தது. நான் காலை அப்படியே இறக்கியிருந்தால் அவருடைய புறங்கையில்தான் இறக்கியிருப்பேன். பல ஆண்டுகளாக அந்த நாளை நினைத்தபோதெல்லாம் என் காலும் வகுப்பின் சிரிப்பும்தான் நினைவுக்கு வந்தன, கை வரவில்லை. இங்கே ஒரு பிள்ளையின் தூக்கிய காலுக்குக் கீழே, நிலத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தபோது, என் கை என்னை அறியாமல் அதன்மேல் போய்க் கவிந்தது. அப்போதுதான் அவர் குந்தியிருந்த விதம் முழுவதும் நினைவுக்கு வந்தது.

"தாத்தா, கையை எடுங்கள், நான் விழப்போகிறேன்" என்றாள் அந்தப் பிள்ளை.

"நீ விழு, பரவாயில்லை" என்றேன்.