ஐந்து மில்லி

காரைக்குடிக்குப் பக்கத்தில் சின்ன ஊர் ஒன்றில் கிளினிக் வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, அம்மா சென்னையிலோ இருக்க, பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தாவோடு வளரும் பிள்ளைகளும் அதில் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்த எட்டு வயதுப் பையனும் அப்படித்தான். எடை 22 கிலோ. முந்தின நாளிலிருந்து காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர். வீட்டில் பால் பணியாரம் ஊற வைத்தும் தொடவில்லை என்று ஆச்சிக்கு அதுவே பெரிய கவலை.

"டாக்டரம்மா, ஒரு ஊசியைப் போட்டு விடுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்ல" என்றார். கையில் இருந்த செல்போனில் பையனின் அப்பா வீடியோ காலில் காத்திருந்தார். அவர் கேட்டதும் ஒரே கேள்விதான்: "ஆன்டிபயாடிக் வேண்டாமா டாக்டர்?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை நன்றாகச் சிவந்திருந்தது, டான்சில் கொஞ்சம் வீங்கியிருந்தது, வெள்ளைத் திட்டு இல்லை. காய்ச்சல் 101. கழுத்தில் நெறி கட்டவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, பேசும்போது நடுநடுவே இருமினான், குரலும் கம்மியிருந்தது. என்னைத் தீர்மானிக்க வைத்தவை இந்தக் கடைசி மூன்றும்தான். வலி எவ்வளவு என்பது கிருமியைக் காட்டிக்கொடுக்காது. வைரஸ் தொண்டையும் பிள்ளையை அலற வைக்கும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைப் பிடிக்கும்போது சளியும் இருமலும் பெரும்பாலும் கூட வருவதில்லை. திடீரென்று காய்ச்சல் ஏறும், டான்சிலில் வெள்ளை படியும், தாடைக்குக் கீழே முன்கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் வலிக்கும். சில பிள்ளைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் வரும். தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் அந்தப் பாக்டீரியா இருப்பது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான்.

அதனால் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. பாராசிட்டமால் சிரப், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, கஞ்சியோ மோரோ அவனுக்கு எது இறங்குகிறதோ அது. அப்புறம் எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதினேன். வியாழக்கிழமையும் காய்ச்சல் இருந்தால் கூட்டி வர வேண்டும். எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டால், வாயைத் திறக்க முடியாவிட்டால், குரல் வாய்க்குள் உருளைக்கிழங்கு வைத்துப் பேசுவதுபோல மாறினால், மூச்சு இரைந்தால், ஒரு நாள் பொழுதில் சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் அன்றைக்கே, இரவானாலும் வர வேண்டும். தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பார்த்தேன். தொண்டை அடைப்பான் நம் நாட்டில் இன்னும் போய்விடவில்லை, ஐந்து வயது ஊசியை விட்டுவிடும் வீடுகள் உண்டு. இவனுக்குப் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்ட படலமும் தொண்டையில் இல்லை.

புதன்கிழமை மத்தியானமே ஆச்சி வந்துவிட்டார். பையன் முதல்நாள் ராத்திரியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட முழுசாகக் குடிக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரே தடவைதான் சிறுநீர் போயிருந்தான். காய்ச்சல் 100 தான், தொண்டையும் அப்படியே இருந்தது, கூடவில்லை. உள்நாக்கு நடுவில் நின்றது, ஒரு பக்கம் மட்டும் புடைப்பில்லை, வாய் நன்றாகத் திறந்தான். சீழ்க்கட்டி இல்லை என்று நிம்மதி. ஆனால் குடிக்காத பிள்ளையையும் கலங்கிய ஆச்சியையும் பார்த்ததும் என் பேனா அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் பக்கம் போனது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எழுதினால் மூன்று பேருக்குமே மனசு ஆறியிருக்கும்.

எழுதுமுன் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "சிரப்பு எவ்வளவு குடுக்கிறீங்க ஆச்சி?"

"காலையிலயும் ராத்திரியும் ஒரு மூடி." மஞ்சப்பையில் இருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். அது நான் எழுதியது இல்லை. பையனின் தங்கைக்கு, மூன்று வயதுக்காரிக்கு, எப்போதோ வாங்கியது. லேபிளில் 5 மி.லி.யில் 120 மி.கி. என்று இருந்தது. நான் எழுதியது 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது, ஒரு வேளைக்கு 6.5 மில்லி. வீட்டில் அதே பேர் போட்ட மருந்து இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று அவர் வாங்கவில்லை. நியாயம்தான்.

கணக்குப் பாருங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. 22 கிலோவுக்கு 330. ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. பையனுக்கு ஐந்து மில்லி பிடிக்கும் ஒரு மூடியில் போனது 120, அதுவும் இரண்டே தடவை. அதாவது நாள் முழுக்க 240 மி.கி., ஒரு வேளைக்கு வேண்டியதைவிடக் குறைவு. அவன் குடிக்காமல் இருந்தது கிருமியின் வேகத்தால் இல்லை, வலிக்கு மருந்தே போய்ச் சேராததால். தப்பு என் பக்கமும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே என்ன பாட்டில் இருக்கிறது என்று திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டும்.

காலை மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. சரியான சிரப்பை ஊசி இல்லாத சிரிஞ்சில் 6.5 மில்லி எடுத்து அங்கேயே கொடுத்து, வெளித்திண்ணையில் உட்காரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து எதிர்க்கடையில் ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கி வரச் சொன்னதும் ஆச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தொண்டை வலிக்கு ஐஸா? குளிர்ச்சி தொண்டையைக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும், நோயைக் கூட்டாது. பையன் பாதிக் கப்பை முடித்துவிட்டுத் தண்ணீரும் கேட்டான். வியாழக்கிழமை காய்ச்சல் இல்லை. இருமல் மட்டும் இன்னும் ஒரு வாரம் இழுத்தது.

அதே வாரம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு முதல் நாளே ஆன்டிபயாடிக் எழுதினேன். பார்த்தவர்களுக்கு இது ஓரவஞ்சனையாகத் தெரிந்திருக்கும். அவளுக்கு வலி பையனைவிடக் குறைவு. ஆனால் இருமல் இல்லை, சளி இல்லை, காய்ச்சல் 102, டான்சில் இரண்டிலும் வெள்ளை, தொட்டால் வலிக்கும் நெறி. ஸ்வாப் எடுத்து லேப்புக்கு அனுப்பி இரண்டு நாள் காத்திருந்தாலும் தப்பில்லை. ஏனென்றால் மருந்தை முக்கியமாகக் கொடுப்பது ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க. தொண்டை சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டில் வந்து, இதய வால்வைக் கெடுக்கும் நோய் அது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் அதைத் தடுக்கலாம். வலி என்னவோ ஒரு நாள் போல முன்னதாகக் குறையும், அவ்வளவுதான். அவர்கள் தேவகோட்டைப் பக்கம் உள்ளே இருந்து வருபவர்கள், முடிவு கேட்டுத் திரும்ப வருவது சந்தேகம் என்பதால் அன்றைக்கே தொடங்கினேன். அமாக்ஸிசிலின், காலையும் இரவும் 500 மி.கி., பத்து நாள்.

நாலாம் நாள் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் விட்டுருச்சு டாக்டரம்மா, அதான் நிறுத்திட்டேன். மீதி மாத்திரை பத்திரமா இருக்கு, அடுத்த தடவைக்கு ஆகும்ல." ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசின பிறகு அன்று ராத்திரியே திரும்பத் தொடங்கினார். ஒரே ஒரு வேளைதான் விட்டிருந்தது. மிச்ச நாட்களைக் காலண்டரில் கிழிக்கச் சொன்னேன்.

ஆச்சி இப்போது எந்தப் பேரப்பிள்ளைக்கு வந்தாலும் வீட்டில் இருக்கும் எல்லா பாட்டிலையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேஜையில் வரிசையாக அடுக்கிவிடுகிறார். போன வாரம் ஏழு இருந்தன. இரண்டு காலாவதி ஆனவை.