'பார்க்கிறேன்' என்றதை 'செய்கிறேன்' என்று எடுத்துக்கொண்டேன்

ஒரே ஒரு மின்னஞ்சலால் எனக்கு இரண்டு வாரங்கள் வீணாயின. வேலையின் பெரும்பகுதி முடிந்து ஒரு மாதமாகிறது, இன்னும் அந்த மின்னஞ்சலை நினைத்தால் மனம் சுருக்கென்கிறது. பிற துறைகளைச் சேர்ந்தவர்களை வைத்து ஒரு வேலையை முடிக்கும் பொறுப்பு உங்களுக்கும் வந்திருந்தால், அவர்களில் ஒருவர்கூட உங்களுக்குக் கீழ் இல்லை என்றால், இது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் கைக்கு வர எங்கள் நிறுவனத்தில் சராசரியாக 11 நாட்கள் ஆயின. அதை 5 நாட்களாகக் குறைக்க வேண்டும் என்று இயக்குநர் அறிவித்து, பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கிடங்கு, கணக்கு, மென்பொருள் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்தால்தான் இது நடக்கும். அந்த மூன்று துறைகளிலும் எனக்கு விடுப்பு அனுமதிக்கும் அதிகாரமும் இல்லை, மதிப்பெண் போடும் அதிகாரமும் இல்லை.

முதல் கூட்டம் நன்றாகவே நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள், எல்லோரும் தலையசைத்தார்கள். கிடங்கிலிருந்து வரும் திருப்புச் சீட்டில் ரசீது எண் தானாகவே விழும்படி செய்ய முடியுமா என்று மென்பொருள் பிரிவின் மூத்த பொறியாளரிடம் கேட்டேன். "பார்க்கிறேன்" என்றார். நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயரை எழுதி, எதிரே நானே ஒரு தேதியைப் போட்டேன்.

இங்கேதான் முதல் தவறு. உண்மையில் செய்யப் போகிறவர் கேள்வி கேட்பார். சோதித்துப் பார்க்க மாதிரித் தரவு யார் தருவார்கள், பழைய சீட்டுகளை என்ன செய்வது, எப்போது வேண்டும் என்று ஏதாவது ஒன்று அவர் வாயிலிருந்து வரும். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. கேள்வி இல்லாத சம்மதம் பெரும்பாலும் மரியாதைக்காகச் சொன்ன சம்மதம்தான். தேதியையும் வேலையைச் செய்கிறவர்தான் சொல்ல வேண்டும். நான் போட்ட தேதி என்னுடைய ஆசை, அவருடைய வாக்கு அல்ல.

மூன்று வாரங்கள் போயின. இரண்டு முறை நினைவூட்டினேன். நான்காவது வாரம், பொறுமை இழந்த ஒரு மாலையில், "இந்தப் பணி இன்னும் தொடங்கப்படவில்லை, இதனால் முழுத் திட்டமும் தாமதமாகிறது" என்று அவருக்கு எழுதி, அவருடைய மேலாளருக்கும் நகல் அனுப்பினேன். பன்னிரண்டு நிமிடங்களில் பதில் வந்தது. ஏழு கேள்விகள், கூடவே "முழுமையான தேவை ஆவணம் கிடைத்த பிறகே மதிப்பீடு தர இயலும்" என்று ஒரு வரி. மறுநாள் அவருடைய மேலாளர், இத்தகைய கோரிக்கைகள் காலாண்டுத் திட்டமிடல் வழியாகவே வர வேண்டும் என்று எழுதினார். அதுவரை கைமாற்றாகக் கிடைக்கக்கூடியதாக இருந்த உதவி, அந்த நகலுக்குப் பிறகு விதிமுறைக்குள் போய்விட்டது. விதிப்படி நடக்கிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதிகாரமில்லாத நாம் ஒருவரை அவருடைய மேலாளர் முன்னால் நிறுத்தினால், அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் செய்வார்.

இரண்டு வாரங்கள் ஆவணம் எழுதுவதிலேயே கழிந்தன. பிறகுதான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவருடைய இடத்துக்கே போய், உங்களிடம் முதலில் பேசாமல் நகல் போட்டது தவறு என்று சொன்னேன். அதே மின்னஞ்சல் தொடரில், அதே ஆட்கள் பார்க்கும்படி, தாமதத்துக்குக் காரணம் தேவைகளை நான் தெளிவாகக் கொடுக்காததுதான் என்றும் எழுதினேன். இது முக்கியம். எல்லோர் முன்னிலையிலும் ஏற்பட்ட காயத்துக்குத் தனியறையில் கேட்கும் மன்னிப்பு போதாது.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவருடைய நிலுவைப் பட்டியல் அது. அதில் மாதத்துக்கு நாற்பதுக்குக் குறையாமல் எங்கள் பிரிவிலிருந்தே போகும் புகார்கள் இருந்தன: 'பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவும்.' ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டு மென்பொருள்களைத் திறந்து, ரசீது எண்ணைத் தேடிப் பொருத்த வேண்டும். ஆண்டு மதிப்பீட்டில் அவரைப் பார்ப்பதே நிலுவை எத்தனை நாளில் முடிகிறது என்பதை வைத்துத்தான். நான் நான்கு வாரங்களாக வாடிக்கையாளரின் 11 நாட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இந்த நாற்பது புகார்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரசீது எண் சீட்டில் தானாக விழுந்தால் அந்தப் புகார்களில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

"அப்படியானால் சோதனைக்கு ஆள் வேண்டும். எனக்கு இருக்கும் பெரிய சுமை அதுதான்" என்றார். ஆறு வாரங்களில், உண்மையில் செய்யும் எண்ணத்தோடு அவர் வைத்த முதல் கோரிக்கை அது. எங்கள் பிரிவில் இரண்டு பேரை மூன்று நாட்களுக்குத் தர என்னால் முடியும், தந்தேன். அவரே வேலையைச் சுருக்கினார். நான் கேட்ட புதிய திரை வேண்டாம், ஏற்கெனவே உள்ள படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும் என்றார். மூன்று வாரம் என்று மதிப்பிட்டது நான்கு நாள் வேலையாகச் சுருங்கியது.

ஆனால் அந்த நான்கு நாட்களையும் கொடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் மனமுவந்து சம்மதித்தாலும் அவருடைய நேரம் அவருடைய மேலாளருக்குச் சொந்தம். அதனால் இந்த முறை மேலாளரிடம் இருவரும் சேர்ந்து போனோம். ஒரே பக்கத்தில் இரண்டு வழிகளை எழுதியிருந்தோம்: இந்த மாதம் நான்கு நாட்கள் ஒதுக்கினால் எந்தப் பணி பின்னால் போகும், காலாண்டுத் திட்டமிடலுக்குக் காத்திருந்தால் அதற்குள் எத்தனை புகார்கள் சேரும். பத்து நிமிடங்களில் முதல் வழிக்கு ஒப்புதல் கிடைத்தது. முன்பு அதே மேலாளருக்கு நான் அனுப்பியது ஒரு புகார், இந்த முறை கொடுத்தது அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு.

கணக்குப் பிரிவில் வேறு கதை. அங்குள்ள மூத்த அலுவலர், பணம் திருப்பும் ஒவ்வொரு சீட்டையும் இரண்டாவது முறை சரிபார்த்த பிறகே விடுவார். அதைக் கைவிடச் சொன்னேன். "பதிவு செய்கிறவரே ஒப்புதல் தரக் கூடாது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார். பிடிவாதம் என்று நினைத்தேன். அது பிடிவாதமல்ல, பணம் கையாளும் இடங்களில் பொதுவாக உள்ள அடிப்படைக் கட்டுப்பாடு. ஒருவரே பதிந்து அவரே அனுமதித்தால், தவறும் மோசடியும் யார் கண்ணிலும் படாமல் போகும். தணிக்கையில் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், நான் அல்ல.

எனவே வாதத்தை நிறுத்திவிட்டு, அனுமதி கேட்டு ஒரு பிற்பகல் முழுவதும் அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். கையில் 25 சீட்டுகள். 22 சீட்டுகள் அப்படியே போயின. மூன்று சீட்டுகளில் ரசீது எண் பொருந்தவில்லை, திரும்பின. மொத்தச் சரிபார்ப்பும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அப்படியானால் நாட்கள் எங்கே போகின்றன? அவர் விரல் நீட்டிக் காட்டியது சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையை. வங்கிக்கான கோப்பு செவ்வாயும் வெள்ளியும் மாலை 3 மணிக்குப் போய்விடும். கிடங்கிலிருந்து சீட்டுக் கட்டு வருவதும் அதே செவ்வாய், வெள்ளிதான், ஆனால் 4 மணிக்கு. ஒரு மணி நேரம் தவறுவதால், செவ்வாய் வந்த கட்டு வெள்ளிவரை மூன்று நாட்களும், வெள்ளி வந்த கட்டு அடுத்த செவ்வாய்வரை நான்கு நாட்களும் மேசையில் கிடந்தன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இரண்டு துறைகளும் தத்தம் வசதிக்கு நேரம் வைத்திருந்தன, நடுவில் நின்று பார்க்க ஆளில்லை. இரண்டாவது சரிபார்ப்பைக் கைவிடும்படி நான் அடம்பிடித்து வென்றிருந்தால், அவருடைய பகையோடு ஒரு மணி நேரம்தான் மிஞ்சியிருக்கும்.

கிடங்கு மேற்பார்வையாளரிடம் நேரத்தை மாற்றச் சொல்லும் முன், அவருக்கு அது என்ன சிரமம் என்று கேட்டேன். பிற்பகல் 2 மணிக்கு ஷிப்ட் மாறும்போது சீட்டுகளைத் தொகுப்பார்களாம். முன்கூட்டியே தொகுக்க முடியாததற்குக் காரணம், ஆர்டர் எண் இல்லாமல் வரும் பெட்டிகள். அவற்றைப் பிரித்துத் தேடவே காலை நேரம் போய்விடுகிறது. அந்தப் பெட்டிகளுக்குக் காரணம் எங்கள் பிரிவு. திருப்பி அனுப்பச் சொல்லும்போது எண்ணைப் பெட்டி மேல் ஒட்டச் சொல்ல நாங்கள் மறந்துவிடுகிறோம். அந்த வாரமே ஒட்டுச் சீட்டை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பத் தொடங்கினோம். இரண்டு வாரம் கழித்து, நான் நினைவூட்டாமலேயே, கட்டு மதியம் 1 மணிக்கு அனுப்பப்பட்டது. பிறரிடம் கேட்கும் முன் நம் பிரிவின் தவறைத் திருத்திக் காட்டியதைவிட எனக்குப் பலன் தந்தது வேறொன்றும் இல்லை.

இரண்டாவது பொதுக்கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துவிட்டேன். ஜப்பானிய நிறுவனங்களில் இதை 'நெமவாஷி' என்கிறார்கள். மரத்தை இடம் மாற்றும் முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதுதான் அந்தச் சொல்லின் மூல அர்த்தம். எதிர்ப்புகளைத் தனியாகவே கேட்டுவிட்டதால் கூட்டம் இருபது நிமிடங்களில் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: தனித்தனியாகப் பேசும்போது ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் சொல்லிவிடக் கூடாது. அவர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நான் எல்லோரிடமும் ஒரே தாளைத்தான் காட்டினேன்.

இப்போது சராசரி 7 நாட்கள். இலக்கான 5 நாட்களை எட்டவில்லை. வங்கி எடுத்துக்கொள்ளும் இரண்டு நாட்களை நாங்கள் தொட முடியாது. மீதமிருப்பது வங்கிக் கோப்பைத் தினமும் அனுப்புவது. ஒவ்வொரு கோப்புக்கும் கட்டணம் உண்டு, அதைக் குறைவாக வைக்க வேண்டும் என்பது நிதித் தலைவரின் இலக்கு. அது என் இலக்கோடு நேராகவே மோதுகிறது. இத்தகைய இடத்தில் நல்லுறவோ அருகில் உட்கார்ந்து பார்ப்பதோ உதவாது, இரண்டு இலக்குகளுக்கும் மேலே இருப்பவர்தான் தீர்க்க வேண்டும். அதற்கான ஒரு பக்கக் குறிப்பு தயாராகிவிட்டது. அதை எழுதியவர் கணக்குப் பிரிவின் அதே மூத்த அலுவலர். வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து இயக்குநரைப் பார்க்கப் போகிறோம்.