‘உடனே’ என்றால் 17 நிமிடம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அலுவலராக இருந்தபோது, ஓர் இரவு கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வாயு கிளம்பியது. முடி நீக்கும் டிரம்மிலிருந்து வரும் சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரும், தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் டிரம்மின் நீரும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். செறிவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். அதுதான் ஆளைக் கொல்வது. அன்று மூவருக்குத் தலைசுற்றலோடு போயிற்று.

மறுநாள் ஷிப்ட் மேற்பார்வையாளர் எழுதித் தந்த அறிக்கை இது:

“சில தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். டிரம்மைக் காலி செய்யும்முன் ஆபரேட்டர் இணைப்பு வால்வை மூடிவிடுவார். சிறிது நேரத்தில் நாற்றம் வருகிறது. பலருக்குத் தலைசுற்றியது. உடனே மின்விசிறி போடப்பட்டது.”

“‘மூடிவிடுவார்’ சரி, அன்று மூடினாரா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். “வழக்கமாக மூடுவார் சார். அன்று நான் பார்க்கவில்லை.”

தமிழில் எதிர்கால வினையே வழக்கத்தையும் சொல்லிவிடுகிறது. அதனால் தினமும் நடப்பது, அந்த இரவில் நடந்ததுபோல் உள்ளே நுழைந்துவிடுகிறது. இரண்டு நீரையும் சேரவிடும் அந்த வால்வு திறந்தே கிடந்ததை அந்த ஒரு வினை மறைத்துவிட்டது. அன்று நடந்தவை அனைத்தையும் இறந்தகாலத்துக்கு மாற்றினோம். வழக்கத்தை ‘வழக்கமாக’ என்று தொடங்கும் தனி வாக்கியத்தில் வைத்தோம். வால்வு எங்கே இருக்கிறது என்பது போன்ற, இன்றும் மாறாத விவரங்களுக்கு மட்டும் நிகழ்காலம்.

‘சில’ என்பது வருகைப் பதிவேட்டில் ஆறு பேர். ‘பலர்’ மூன்று பேர். ‘உடனே’தான் என்னை உலுக்கியது. கொட்டகையிலிருந்து கேட்டுக்குத் தொலைபேசி வந்தது 2.20க்கு, மின் பராமரிப்புக் குறிப்பேட்டில் மின்விசிறி ஓடத் தொடங்கியது 2.37க்கு. சுவிட்ச் இருந்த அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த எலக்ட்ரீஷியன் பாய்லர் பக்கம் இருந்தார். ‘உடனே’ நின்றிருந்தால் அந்தப் பூட்டைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாற்றம் தொடங்கிய நேரத்தை யாரும் பார்க்கவில்லை. தேநீர் வந்த பிறகுதான் என்று இருவர் சொன்னார்கள். தேநீர்க் கேன் கேட்டைத் தாண்டியது 2.00 மணிக்கு. 2.10 என்று எழுதக் கை துடித்தாலும், அது எங்கள் ஊகமாகவே இருந்திருக்கும். திருத்தி எழுதிய அறிக்கை இது:

“2.00 மணிக்கும் 2.20க்கும் இடையில், பணியிலிருந்த ஆறு பேரில் இருவர் நாற்றத்தை உணர்ந்தனர். 2.20க்கு மேற்பார்வையாளர் கேட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். மூவருக்குத் தலைசுற்றியது. 2.37க்கு எலக்ட்ரீஷியன் அறையைத் திறந்து மின்விசிறியைப் போட்டார். 2.50க்கு மேற்பார்வையாளர் இணைப்பு வால்வைப் பார்த்தபோது அது திறந்திருந்தது.”

கடைசியில் ‘சுவிட்ச் விரைவில் இடம் மாற்றப்படும்’ என்றொரு வரி மிஞ்சியது. அதை அடித்துவிட்டு, மின் பராமரிப்புப் பிரிவு 15ஆம் தேதிக்குள் மாற்றும் என்று எழுதி அவர்களிடமும் கையெழுத்து வாங்கினோம். 14ஆம் தேதி மாலை நான் போய்ப் பார்த்தபோது, சுவிட்ச் கொட்டகையின் வெளிச்சுவரில் இருந்தது.