அக்டோபர் 10, வியாழக்கிழமை

"ஏனுங்க்கா, ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்களா?"

பாக்கி கேட்டு நான் எழுதிய கடிதம் போன மறுநாள் சாயங்காலம், நாங்கள் சரக்கு போடும் ஒரு கம்பெனியில் இருந்த தம்பி கேட்டது இது. நான் உடனே, "போன் பண்ணாத வாரம் இருக்குதாப்பா?" என்றேன். கேட்டவுடன் அவர் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "மிரட்டற மாதிரி இருக்குதுங்க்கா" என்றார். நான் எழுதியதிலேயே மிக நிதானமான கடிதம் அது. அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

2024 செப்டம்பர். கோவையில் எங்களுடையது ஏழு மெஷின் ஓடும் பட்டறை. கணக்கு, பில், வசூல் மூன்றும் என் மேசைதான். மூன்று பில் நிலுவை, மொத்தம் 3,84,000 ரூபாய். ஆர்டரிலேயே 45 நாள் என்று போட்டிருக்கிறது. ஜூன் 3-ஆம் தேதி இறக்கிய சரக்குக்கு ஜூலை 18-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் ஆகஸ்டில் முடிந்தன. அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்த அந்தத் தம்பி ஒவ்வொரு வாரமும் "இந்த வாரம் போட்ருவோம்க்கா" என்பார். பொய் சொல்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் கையில் அதிகாரம் இல்லை, அவ்வளவுதான்.

ஓனருக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு நாள் டைம் குடுங்க, இல்லைன்னா சட்டப்படி நடவடிக்கைன்னு போடுங்க. இன்கம்டாக்ஸ்ல எழுதிப் போடுவோம்னும் சேர்த்துக்குங்க" என்றார். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்று வந்திருந்த வருடம் அது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதை எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்லும் நாளுக்குள் தராவிட்டால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அந்த மார்ச் மாதம் எங்களுக்கே இரண்டு பழைய பாக்கிகள் தானாக வந்து சேர்ந்தன. அதனால் ஓனர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுடைய வரிக்கணக்கு எங்கள் வேலை இல்லை. எங்களால் செய்ய முடிகிற, நாங்கள் செய்யப் போகிற காரியத்தை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதைத் தாண்டி எழுதுகிற எதுவும் மிரட்டல்தான் என்பது என் கட்சி. இன்றும் அதில் மாற்றமில்லை.

மூன்று நாள் என்பதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கம்பெனியில் மாதம் இரண்டு தரம்தான் பணம் போடுவார்கள், 10-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும். 25-க்கான பட்டியல் 20-ஆம் தேதியே மூடிவிடும். அதற்குள் ஸ்டோரில் சரக்கு வரவு பதிந்திருக்க வேண்டும், குவாலிட்டி கையெழுத்து போட்டிருக்க வேண்டும், கணக்குப் பிரிவு ஆர்டரோடு ஒத்துப் பார்த்து மேலே அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் எழுதிய நாள் செப்டம்பர் 18, புதன். மூன்று நாள் கெடு வைத்தால் அது 21-ஆம் தேதியில் விழும். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் நினைத்தாலும் யாராலும் பணம் போட முடியாது. முடியாத தேதியைக் கேட்டால் கடிதத்தைப் படிக்கிறவர், இவர்களுக்குப் பணம் வேண்டாம், சண்டைதான் வேண்டும் என்றுதான் நினைப்பார். நம் மேல் தவறு காட்ட அவருக்கு ஒரு பிடியும் கிடைத்துவிடும்.

அதனால் இரண்டு தேதி வைத்தேன். செப்டம்பர் 25-க்குள் பதில்: எந்தப் பில்லில் என்ன தடை, எப்போது பணம் வரும். அக்டோபர் 10, வியாழக்கிழமைக்குள் பணம். "கடிதம் கிடைத்த இத்தனை நாளுக்குள்" என்று எழுதவில்லை. கிடைத்த நாள் எது என்று நாளைக்கு அதிலேயே ஒரு தகராறு வரும். தேதியும் கிழமையும் போட்டால் எண்ண வேண்டியதில்லை. மறுநாள் ஆயுத பூஜை, அதற்கடுத்து விஜயதசமி, பிறகு ஞாயிறு. ஆகவே எங்கள் அடுத்த வேலை அக்டோபர் 14, திங்கட்கிழமை என்று போட்டேன்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. முக்கியமான பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பில்லிலோ சரக்கிலோ ஏதாவது குறை இருந்தால் செப்டம்பர் 25-க்குள் தெரிவியுங்கள், எங்கள் பக்கம் திருத்த வேண்டியதைத் திருத்தித் தருகிறோம். குறை இல்லையென்றால் உங்கள் அக்டோபர் 10 பட்டியலில் இந்த மூன்று பில்லையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குள் முடியாமல் போனால், அக்டோபர் 14 அன்று சமாதான் தளத்தில் விண்ணப்பம் பதிவு செய்வோம். அதற்கு முன் எப்போது பேசினாலும் நாங்கள் தயார். வட்டியை இப்போது கேட்கவில்லை."

சமாதான் என்பது பாக்கி வராத குறு, சிறு தொழில்களுக்கான அரசின் இணையதளம். அப்போது அதில் விண்ணப்பம் போட்டால் அது மாநிலத்தின் கவுன்சிலுக்குப் போகும். முதலில் சமரசப் பேச்சு, அது ஆகாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டியும் இழுக்கும். அது தெரிந்துதான் எழுதினேன். உத்யம் சான்றிதழ், ஆர்டர், டெலிவரி சலான், பில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் வைத்துவிட்டுத்தான் அந்தத் தேதியைப் போட்டேன். செய்யத் தயாராக இல்லாததை எழுதக் கூடாது. ஒருமுறை எழுதிவிட்டுச் செய்யாமல் விட்டால் அடுத்த கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கடைசி வரியில் இருந்த "இப்போது" என்ற சொல்லை மூன்று தரம் எடுத்துவிட்டு மூன்று தரம் திரும்பப் போட்டேன். கெடு தாண்டினால் சட்டப்படி வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டியாக ஏறும். அப்போது பேங்க் ரேட் 6.75, ஆக 20.25 சதவீதம். ஜூன் பில் 1,60,000 ரூபாய். அதற்கு மட்டும் இரண்டு மாத வட்டி ஏறக்குறைய 5,400 ரூபாய். "வட்டி கேட்கவில்லை" என்று மட்டும் எழுதினால் விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகும். "இப்போது" என்று சேர்த்தால் உரிமை நிற்கும், கூடவே அந்தச் சொல்லுக்குள் ஒரு "பிறகு" ஒளிந்திருக்கும். நான் சேர்த்தேன். தம்பி மிரட்டல் என்று சொன்னதும் முதலில் அந்தச் சொல்தான் ஞாபகத்துக்கு வந்தது. "வட்டி பத்தி எழுதின வரியா?" என்று கேட்டேன்.

"அது இல்லீங்க்கா. கீழ காப்பி போட்டிருக்கீங்களே."

கடிதத்தின் அடியில், நிதிப் பிரிவுத் தலைவருக்கு நகல் என்று ஒரு வரி. அதைப் போட்டபோது நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அந்தத் தம்பியால் முடிவெடுக்க முடியாது, முடிவெடுக்கிறவர் பார்வைக்குப் போக வேண்டும் என்று யோசித்தேன். அது சரிதான். ஆனால் "அடுத்து என்ன செய்வோம்" என்று அவ்வளவு பார்த்துப் பார்த்து அக்டோபர் 14-க்கு எழுதிய நான், அதே தாளில், சொல்லாமலே ஒரு அடுத்த படியை எடுத்து முடித்திருந்தேன். அவருக்கு 25-ஆம் தேதி வரை நேரம் கொடுத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. கடிதம் போன அன்று மதியமே அவரை உள்ளே கூப்பிட்டு, ஜூன் பில் ஏன் இன்னும் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் நாங்கள் எழுதிய கடிதங்கள் காரமாக இருக்கும் என்றும் அவர் சொன்னார். "அதைப் படிச்சா கோவத்துல எழுதியிருக்காங்கன்னு தெரியும், நாளைக்குச் சரியாயிடும்னு விட்டுருவோம். இதுல கோவமே இல்லீங்க்கா. தேதி போட்டு, கிழமை போட்டு எழுதியிருக்கீங்க." மரியாதையாக எழுதினால் மிரட்டலாகத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் பணம் வந்திருக்காது. 24-ஆம் தேதி பதில் வந்தது. இரண்டாவது பில்லில் 12 பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கிறது, அதற்கான டெபிட் நோட் எங்களுக்கு வரவே இல்லை, அந்தப் பில் அதனால்தான் நின்றிருக்கிறது. சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், நாங்கள் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. "குறை இருந்தால் திருத்தித் தருகிறோம்" என்று எழுதிவிட்டோமே. 12 பீஸுக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னோம். முதல் பில்லும் மூன்றாவதும் அக்டோபர் 10 மாலையில் வங்கியில் ஏறின, இரண்டாவது 25-ஆம் தேதி. அக்டோபர் 14-ஆம் தேதி நான் தளத்தைத் திறக்கவில்லை. பாக்கி ஒரு பில் இருந்தபோதும் தேதி சொல்லிவிட்டார்கள் என்பதால் விட்டோம். சொன்னபடி செய்யவில்லை என்று அதையும் ஒருவர் சொல்லலாம்.

ஆர்டர் நிற்கவில்லை. அடுத்த மாத ஷெட்யூல் வழக்கம்போல வந்தது. ஆனால் டிசம்பரில் அந்தத் தம்பியை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் கடிதத்தால்தானா, தெரியாது. அங்கே வருடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுவது உண்டு என்று எங்கள் டிரைவர் சொன்னார். நான் அதை நம்பிக்கொள்கிறேன். சலானில் கையெழுத்து வாங்கப் போகும்போது அவர் டிரைவரிடம் நன்றாகத்தான் பேசுகிறாராம். என் போனை மட்டும் எடுப்பதில்லை.

இந்த வாரம் வேறொரு கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கிறது. இந்த முறை முதலிலேயே கூப்பிட்டு, "அடுத்த திங்கட்கிழமை கடிதம் அனுப்புவேன், உங்க மேனேஜருக்கும் ஒரு காப்பி போகும், அதுக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா எழுத வேண்டிய தேவையே இருக்காதுங்க" என்று சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காப்பி போட்டே ஆகணுங்களா மேடம்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கடிதம் தயாராகிவிட்டது. நகல் என்ற வரிக்குப் பக்கத்தில் இன்னும் பெயர் எழுதவில்லை.