ஜனவரி 31-ல் வாங்கிய கடனுக்கு பிப்ரவரி 28-ல் எத்தனை மாதம்?

பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு எக்செல்லில் கடன் கணக்கு எழுதித் தருகிறேன். குழுவுக்குள் கொடுக்கும் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதுவும் முழு மாதங்களுக்கு மட்டும். மாதத்தை எண்ணுவது DATEDIF.

2025 பிப்ரவரி 28 அன்று ஒரு குழுவில் இரண்டு பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் அடைத்தார்கள். ஒருவர் வாங்கியது ஜனவரி 28-ல், இன்னொருவர் 31-ல். முதலாமவருக்கு வட்டி 200 ரூபாய் என்று வந்தது, அடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை. தலைவி அக்கா உடனே கேட்டார்: "ஏன் தம்பி, மாசக் கடைசியில வாங்கி மாசக் கடைசியில கட்டுறா, இவளுக்கு மாசம் முடியலையா?"

நியாயமான கேள்வி. "M" கொடுத்தால் DATEDIF முதலில் மாதங்களைக் கழிக்கும். பிறகு முடிவுத் தேதியின் நாள் எண் தொடக்க நாளின் எண்ணைவிடச் சிறியதா என்று பார்த்து, சிறியதென்றால் ஒன்றைக் குறைத்துவிடும். 28 என்பது 31-ஐவிடச் சிறியது, அதனால் பூஜ்யம். பிப்ரவரியில் 31-ஆம் தேதியே கிடையாது என்பதை அது பார்ப்பதில்லை. அதே கடனை மார்ச் 1-ல் கட்டியிருந்தால் ஒரு மாதம். மார்ச் 31-ல் இரண்டு, ஏப்ரல் 30-லும் அதே இரண்டு, மே 1-ல்தான் மூன்று.

அதாவது 31-ல் தொடங்கிய கடனுக்கு, குறுகிய மாதத்தின் கடைசி நாளில் மட்டும் ஒன்று குறைகிறது. மறுநாள் தானே சரியாகிவிடுகிறது. அதனால்தான் இது லேசில் கண்ணில் படாது. ஆனால் குழுக்கள் கணக்கு முடிப்பதே அந்தக் கடைசி நாளில்தான். தொடக்கத் தேதி 29, 30, 31 என்றிருக்கும் வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் போதும்.

EDATE வேறு மாதிரி. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் பிப்ரவரி 28 என்று தரும். குழுவில் எல்லோரும் நினைப்பதும் அதுதான். எனவே இரண்டையும் சேர்த்துவிட்டேன்:

```
=DATEDIF(A2,B2,"M")+(EDATE(A2,DATEDIF(A2,B2,"M")+1)<=B2)
```

A2 வாங்கிய தேதி, B2 அடைத்த தேதி. அடுத்த மாதத் தவணை நாள் வந்துவிட்டதா என்று EDATE பார்த்து, வந்திருந்தால் ஒன்றைக் கூட்டும். ஜனவரி 31 முதல் பிப்ரவரி 28 வரை ஒன்று, ஏப்ரல் 30 வரை மூன்று.

மீதி நாட்களுக்கு "MD" போடுவதை மட்டும் நான் அறவே விட்டுவிட்டேன். 2025 ஜனவரி 31 முதல் மார்ச் 1 வரை கேட்டால் -2 என்கிறது. மைக்ரோசாஃப்டே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதற்குப் பதிலாக, முடிந்த மாதங்களை EDATE-ஆல் தொடக்கத் தேதியோடு கூட்டி, வரும் தேதியை B2-விலிருந்து கழித்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் இந்தச் சூத்திரத்துக்கும் பிடிபடாது. பிப்ரவரி 28-ல் வாங்கிய கடனுக்கு மார்ச் 28-லேயே மாதம் முடிந்ததாகச் சொல்லும். மாதக் கடைசிக்கு மாதக் கடைசி என்பதுதான் குழுவின் வழக்கம் என்றால் EOMONTH வேண்டும். எது வழக்கம் என்பதைக் கூட்டத்தில் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிய பிறகே சூத்திரத்தைப் போடுகிறேன்.